மார்பு, இடை, இடுப்பு: வீட்டில் டேப் கொண்டு துல்லியமாக அளவெடுக்கும் முறை

ஒரே உடலை ஒரே நாளில் இரண்டு முறை அளந்தாலும் இடைச் சுற்றளவில் மூன்று சென்டிமீட்டர் வரை வேறுபாடு எளிதில் வந்துவிடும். இவ்வேறுபாட்டில் பெரும்பகுதி, டேப் ஒவ்வொரு முறையும் உடலில் வேறுவேறு மட்டத்தில் சுற்றப்படுவதால் நேர்வது. ஆகவே அளவெடுப்பதில் முதல் வேலை, உடலில் மாறாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்து அடையாளமிட்டுக்கொள்வதுதான். டேப்பைச் சுற்றுவதும் எண்ணை வாசிப்பதும் அதன் பின்னரே வருகின்றன. தனியாக அளவெடுப்பவரை மனத்தில் வைத்தே இவ்வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. உதவிக்கு ஒருவர் இருந்தால் வேலை இன்னும் எளிது.

இங்கே மார்பு என்பது அக்குளுக்குக் கீழே, மார்பின் மிகப் பருத்த மட்டத்தில் எடுக்கப்படும் சுற்றளவு. இடை என்பது விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள சுற்றளவு. இடுப்பு என்பது பிட்டம் மிகுந்து நிற்கும் மட்டத்தின் சுற்றளவு. தையல்காரர்கள் இதைச் சீட் என்பார்கள். பேச்சுவழக்கில் பின்னிரண்டையும் இடுப்பு என்றே சொல்லிவிடுவதால், எண்ணைக் குறிக்கும்போது அது எந்த மட்டத்தின் அளவு என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

முதலில் டேப்பைச் சோதியுங்கள்

தையலுக்குப் பயன்படும் மென்மையான டேப் பெரும்பாலும் 150 சென்டிமீட்டர் நீளமுடையது; மறுபக்கத்தில் 60 அங்குலம் குறிக்கப்பட்டிருக்கும். நல்ல டேப்பில் பிளாஸ்டிக்குக்குள் கண்ணாடியிழை ஓடுவதால் அது எளிதில் நீளாது. மலிவான துணி டேப்போ பல ஆண்டுகள் இழுபட்டு நீண்டுபோயிருக்கலாம். நீண்டுபோன டேப் உண்மையைவிடக் குறைவான எண்ணைக் காட்டும் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்: 100 என்ற கோடு உண்மையில் 101 சென்டிமீட்டரில் இருக்கிறதென்றால், 101 சென்டிமீட்டர் இடையுள்ளவருக்கு அது 100 என்று காட்டும்.

சோதிப்பதற்கு எஃகு அளவுகோல் ஒன்று போதும். டேப்பை மேசைமேல் தட்டையாக விரித்து, இழுக்காமல், 30 சென்டிமீட்டருக்கு ஒருமுறை அளவுகோலோடு ஒப்பிட்டுக்கொண்டே கடைசிவரை செல்லுங்கள். அளவுகோல் இல்லாதவர்கள் ஏ4 தாளைப் பயன்படுத்தலாம். அதன் நீளம் 29.7 சென்டிமீட்டர் என்பதால், நீளவாக்கில் அடுத்தடுத்து ஐந்து முறை வைத்தால் டேப்பில் 148.5 என்ற இடத்துக்கு வர வேண்டும். சில மில்லிமீட்டர் வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் தவறினால் அந்த டேப்பை விட்டுவிடுவதே நல்லது.

பூச்சியக்கோடு எங்கே தொடங்குகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். சில டேப்புகளில் உலோக முனையின் விளிம்பே பூச்சியம். சிலவற்றில் முனையைத் தாண்டிச் சிறிது இடைவெளிக்குப் பின்னரே எண்கள் தொடங்கும். பல டேப்புகளில் சென்டிமீட்டர் ஒரு முனையிலிருந்தும் அங்குலம் எதிர்முனையிலிருந்தும் தொடங்குவதால், நடுவில் டேப்பைத் திருப்பிப் பிடித்துவிட்டால் எண் முற்றிலும் தவறாகிவிடும். ஒரே அலகில் அளந்து, தேவைப்பட்டால் பிறகு கணக்கிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர்.

உடை, நேரம், நிற்கும் முறை

துணிமேல் அளந்துவிட்டு, மெல்லிய துணிதானே, என்ன வந்துவிடப்போகிறது என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். உடலைச் சுற்றிலும் ஒரே தடிமனில் ஒரு படலம் இருந்தால், சுற்றளவு அத்தடிமனைப்போல் ஆறேகால் மடங்குக்கும் சற்று அதிகமாகக் கூடும். மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள பின்னலாடை ஏறக்குறைய 1.9 சென்டிமீட்டரைக் கூட்டிவிடும். டேப்பின் அழுத்தத்தில் துணி சற்று அமுங்குவதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறையலாம். ஆனால் எவ்வளவு குறையும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும், அதுதான் சிக்கல். எனவே இடையை வெறும் தோலின் மீதும், இடுப்பை மெல்லிய உள்ளாடையின் மீதும் அளப்பதே முறை. உள்ளாடையின் இடுப்புப் பட்டி சதையை அழுத்திப் பிடித்திருந்தால் அதைத் தளர்த்தி இறக்கிவிட்டு, சில நிமிடங்கள் கழித்து அளவுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலையில் சாப்பிடுவதற்கு முன்பு, சிறுநீர் கழித்த பின் அளப்பது நல்லது. வயிறு நிறைந்திருக்கும்போது இடை கணிசமாகக் கூடுகிறது. மார்பும் இடுப்பும் நேரத்தைப் பொறுத்து அவ்வளவாக மாறுவதில்லை.

இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து, எடையை இரு கால்களிலும் சமமாகப் போட்டு, தோள்களைத் தளர்த்தி, நேராகப் பார்த்தபடி நில்லுங்கள். முழு உயரக் கண்ணாடி இருந்தால் அதன் எதிரே நிற்பது மிகவும் உதவும். டேப் முதுகுப்பக்கம் எங்கே போகிறது என்று பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க வேறு வழியில்லை.

இடை: எலும்பைத் தேடிக் கண்டுபிடியுங்கள்

மூன்று அளவுகளில் இடையே மிகக் கடினமானது என்பதால் இதை முதலில் விரிவாகச் சொல்கிறேன். தொப்புளை அடையாளமாகக் கொண்டு அளப்பது பரவலான பழக்கம். ஆனால் தொப்புளின் இடம் ஆளுக்கு ஆள் மாறும். வயிறு தொங்கும்போது அதுவும் கூடவே கீழே இறங்கிவிடும். சில மாதங்களில் வயிறு குறைந்தாலோ கூடினாலோ பழைய அளவும் புதிய அளவும் வேறு வேறு மட்டங்களில் எடுக்கப்பட்டவையாக ஆகிவிடும். எலும்பு அப்படி நகராது.

உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் முறையில், கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுப்புள்ளியே இடையின் மட்டம். அக்குளின் நடுவிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இறங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அக்கோட்டின் வழியே விலாவின் மேல் விரல்களைச் சற்று அழுத்தியபடி கீழே நகர்த்தினால், ஓரிடத்தில் எலும்பு முடிந்து மென்மையான சதை தொடங்கும். அங்கே கண்மை பென்சிலாலோ பேனாவாலோ ஒரு சிறு கோடு போடுங்கள். பிறகு அதே கோட்டில் தொடர்ந்து உள்நோக்கி அழுத்திக்கொண்டே கீழே போனால், கிண்ணத்தின் விளிம்பைப்போல் வளைந்த ஒரு கெட்டியான எலும்பு தட்டுப்படும். அதன் மேல்விளிம்பில் இரண்டாவது கோடு போடுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து, சரிபாதியில் மூன்றாவது கோட்டைப் போடுங்கள். இதேபோல் மறுபக்கமும் செய்யுங்கள். சதைப்பிடிப்பு மிகுந்தவர்களுக்கு எலும்பு உடனே கைக்குச் சிக்காது. பக்கவாட்டில் இலேசாக வளைந்து நிமிர்ந்தால் எலும்பு அசைவது விரலுக்குத் தெரியும்.

இனி டேப்பை முதுகுப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து, இருபுறத்து நடுக்கோடுகளின் மீதும் படியும்படி முன்னால் சேருங்கள். பூச்சியக்கோடு, மறுமுனையின் எண்களுக்கு மேலாகவோ கீழாகவோ ஒட்டி நிற்க வேண்டும். முனையின் மேல் முனை தடித்துக் குவிந்தால் வாசிப்பு பிசகும். வயிற்றை உள்ளிழுக்காமல் இரண்டு மூன்று முறை இயல்பாக மூச்சு விட்டு, ஒரு மூச்சு தானாக வெளியேறி முடியும் தறுவாயில் எண்ணைப் பிடித்துவிடுங்கள். காற்றை வலிந்து வெளியேற்றுவதும் அளவைக் கெடுக்கும்.

எண்ணைப் பார்க்கக் குனியக் கூடாது என்பது தனியாக அளப்பவர்கள் பலர் தவறவிடும் செய்தி. குனிந்த கணமே வயிறு முன்னே தள்ளப்படும். முதுகுப்பக்கம் டேப்பும் நகரும். கண்ணாடியில் எண்கள் இடவலமாக மாறித் தெரிவதால் 68ஐயும் 86ஐயும் குழப்பிக்கொள்ள நேரும். எனவே பூச்சியக்கோடு சேரும் இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளிப் பிடித்தபடி டேப்பை உடலிலிருந்து எடுத்து, கையில் வைத்து வாசிப்பதே நம்பகமான வழி.

உடை தைப்பதற்கு மட்டும் அளவெடுப்பவர்கள் இந்த நடுப்புள்ளிக்குப் பதிலாக இயற்கையான இடையைப் பயன்படுத்துவது வழக்கம். ஒரு மெல்லிய எலாஸ்டிக்கை வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இருபுறமும் வளைந்தால், உடலின் மிகக் குறுகிய இடத்தில் அது தானாகச் சென்று நிற்கும். அவ்விடத்தை அளந்தால் போதும். கால்சட்டையை அதைவிடக் கீழே அணிபவராக இருந்தால், அது உட்காரும் மட்டத்தையும் தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உடல்நலத்துக்காக எடுத்த இடை அளவும் உடைக்காக எடுத்த இடை அளவும் ஒன்றுக்கொன்று மாற்றாகா.

இறுக்கமும் சாய்வும்

டேப் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்? ஆய்வுகளுக்குச் சுமார் 100 கிராம் இழுவிசையை மாறாமல் கொடுக்கும் தனிவகை டேப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அது வீட்டில் இருக்காது. அதற்கு ஈடாக, தோலில் பள்ளம் விழும்வரை டேப்பை ஒருமுறை இறுக்குங்கள். பிறகு அப்பள்ளம் மறையும்வரை மெல்லத் தளர்த்துங்கள். அங்கே நிறுத்தினால் டேப் தானாக வழுக்கி இறங்காது, விரலால் தள்ளினால் நகரும். அதுவே சரியான நிலை.

டேப்புக்குள் ஒரு விரலை விட்டு அளக்கச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது உடைக்குத் தளர்வு சேர்க்கும் வழியே தவிர உடலளவு எடுக்கும் வழியன்று. ஒரு விரல் மட்டுமே அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை கூட்டிவிடும். விரலின் பருமனுக்கேற்ப அதுவும் மாறும். தளர்வைத் தைப்பவர் தம் கணக்கில் சேர்த்துக்கொள்வார். நீங்களும் சேர்த்துக் கொடுத்தால் உடை தொளதொளவென்று ஆகிவிடும்.

சாய்வைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. உடல் ஒரே சீரான உருளையாக இருந்தால், 80 சென்டிமீட்டர் சுற்றளவில் டேப் முதுகுப்பக்கம் மூன்று சென்டிமீட்டர் இறங்கினாலும் கூடுவது கால் சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஐந்து சென்டிமீட்டர் இறங்கினால் முக்கால் சென்டிமீட்டர் கூடும். ஆனால் உடல் உருளையன்று. டேப் இறங்கும் இடத்தில் சதை பருத்தோ ஒடுங்கியோ இருக்கும் என்பதால், சாய்வின் உண்மையான கேடு டேப் தவறான மட்டத்தைத் தொட்டுவிடுவதில்தான் இருக்கிறது. இடையில் பின்புறம் இறங்கினால் பிட்டத்தின் மேற்பகுதி சேர்ந்து எண் ஏறும். இடுப்பில் பின்புறம் ஏறினால் எண் இறங்கும். பக்கவாட்டில் திரும்பிக் கண்ணாடியில் பார்த்து, டேப் தரைக்கு இணையாகச் செல்கிறதா என்று உறுதிசெய்த பிறகே எண்ணைக் கிள்ளிப் பிடியுங்கள்.

இடுப்பு

இடுப்புக்கு எலும்பைத் தேட வேண்டியதில்லை. பெரிய எண்ணைத் தேடினால் போதும். பாதங்கள் கட்டாயம் சேர்ந்திருக்க வேண்டும், ஏனெனில் கால்களை அகட்டினால் தொடையும் பிட்டமும் இடம் மாறிச் சுற்றளவும் மாறும். பக்கவாட்டில் கண்ணாடியைப் பார்த்தபடி, பிட்டம் பின்னோக்கி மிக அதிகமாகத் துருத்தி நிற்கும் இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். பிறகு டேப்பை ஒரு சென்டிமீட்டர் மேலே நகர்த்தி ஒரு முறையும், கீழே நகர்த்தி ஒரு முறையும் பாருங்கள். எண் இருபுறமும் குறைந்தால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். ஒரு பக்கம் கூடினால், கூடும் திசையில் மேலும் நகர்த்திக்கொண்டே போய், அது மீண்டும் குறையத் தொடங்கும் முன் வரும் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பலர் இடுப்பெலும்பின் மேலேயே டேப்பைச் சுற்றிவிடுகிறார்கள். சரியான மட்டம் அதைவிட நன்றாகக் கீழே இருக்கும்.

மார்பு

மார்பளவில் கையின் நிலையே பெரும் இடையூறு. டேப்பைச் சுற்றக் கைகளை உயர்த்தித்தான் ஆக வேண்டும். உயர்த்தியபடியே வாசித்தாலோ மார்புக்கூடும் முதுகுத் தசைகளும் விரிந்து அளவு மாறிவிடும். டேப்பை முதுகின் குறுக்கே தோள்பட்டை எலும்புகளின் மேல் படியவைத்து, அக்குளுக்கு அடியில் முன்னால் கொண்டுவந்து, கைகளைத் தளர்வாகக் கீழே இறக்கிய பின் இயல்பாக மூச்சு வெளியேறி முடிகையில் கிள்ளிப் பிடியுங்கள். நீண்ட கூந்தல் இருந்தால் மேலே தூக்கிக் கட்டிவிடுங்கள். டேப்புக்குள் சிக்கிய முடிக்கற்றை சில மில்லிமீட்டரைக் கூட்டிவிடும், கண்ணுக்கும் தெரியாது.

ஆண்களுக்கு மார்பின் மிக அகன்ற மட்டம், பெரும்பாலும் முலைக்காம்புக்குச் சற்று மேலே அமையும். பெண்கள், தைக்கப்போகும் உடையோடு வழக்கமாக அணியும், பஞ்சுப்பட்டை இல்லாத உள்ளாடையை அணிந்துகொண்டு மார்பின் முன்புறம் மிக உயர்ந்த புள்ளியின் வழியாக அளக்க வேண்டும். அங்கே டேப் சதையைச் சற்றும் அழுத்தக் கூடாது. மார்புக்கு அடியிலுள்ள சுற்றளவு உள்ளாடை வாங்கும்போது தேவைப்படும். அதை மட்டும் சற்று இறுக்கிப் பிடித்து எடுக்கலாம். பின்புறம் டேப் கீழே சரிவது இங்கேதான் மிக அதிகம், ஏனெனில் முதுகை நாமே பார்க்க இயலாது. டேப்பைச் சுற்றிய பின், இருபுறமும் அக்குளிலிருந்து டேப் வரையுள்ள தூரம் விரலளவில் சமமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வது நல்ல சோதனை.

ஒருமுறை அளந்தால் போதாது

ஒவ்வொரு இடத்தையும் இரண்டு முறை அளவுங்கள். இரண்டு முறைக்கும் நடுவே டேப்பை முழுவதும் எடுத்துவிட்டு மீண்டும் சுற்ற வேண்டும். அப்படியே வைத்திருந்து இரண்டு முறை வாசிப்பதால் பயனில்லை. இரண்டு எண்களும் ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் அவற்றின் சராசரியை எழுதுங்கள். அதற்கு மேல் வேறுபட்டால் இரண்டையும் விட்டுவிட்டு, காரணத்தைக் கண்டுபிடித்து, மறுபடி இருமுறை அளவுங்கள். பிடித்த எண்ணை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குவது முறையாகாது.

எடுத்துக்காட்டாக, தனியாக அளவெடுக்கும் ஒரு பெண்ணின் எண்களைப் பார்ப்போம். அவருக்கு விலா விளிம்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே 9 சென்டிமீட்டர். எனவே நடுக்கோட்டை 4.5இல் போட்டார். முதல்முறை இடை 78.2, இரண்டாம் முறை 76.0. வேறுபாடு 2.2 என்பதால் இரண்டையும் நீக்கினார். யோசித்தபோது, முதல்முறை எண்ணைப் பார்க்கக் குனிந்ததும், அப்போது டேப் முதுகில் கீழே இறங்கியிருந்ததும் தெரிந்தது. நிமிர்ந்து நின்று கிள்ளிப் பிடிக்கும் முறையில் மீண்டும் அளந்தபோது 76.3, 76.1 என வந்தன, 76.2 என எழுதிக்கொண்டார்.

அடுத்து இடுப்பு: முதலில் 92.0, பிறகு 94.6. பக்கவாட்டில் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தபோது, முதல்முறை டேப் பிட்டத்தின் உச்சிக்கு மேலே நின்றிருக்க வேண்டும் என்பது புரிந்தது. சரியான மட்டத்தில் 94.4, 94.8 கிடைத்தன, சராசரி 94.6. மார்பு 88.5, 88.9 என முதலிலேயே பொருந்திவந்ததால் 88.7 எனக் குறித்துக்கொண்டார்.

அவர் முதலில் வந்த எண்களையே நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இடையை இடுப்பால் வகுத்துக் கிடைக்கும் விகிதம் 78.2 ÷ 92.0 = 0.85. பெண்களுக்கு 0.85, ஆண்களுக்கு 0.90 என்ற அளவையோ அதற்கு மேலுள்ளவற்றையோ உடல்நலச் சிக்கல்களுக்கான கூடுதல் அபாயத்தின் அடையாளமாக உலக சுகாதார நிறுவனம் கொள்கிறது. திருத்திய எண்களிலோ விகிதம் 76.2 ÷ 94.6 = 0.81. இடையில் கூடியது இரண்டு சென்டிமீட்டர், இடுப்பில் குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர். இரண்டு பிழைகளும் ஒரே திசையில் சேர்ந்து, தேவையில்லாத கவலையை உண்டாக்கியிருக்கும். பிழைகள் எதிர்த்திசையில் சேர்ந்தால், கவனிக்க வேண்டிய ஒன்று கண்ணில் படாமலே போகக்கூடும்.

மாதாமாதம் அளந்து ஒப்பிடுபவர்கள் நாள், நேரம், மட்டம், கிடைத்த இரண்டு எண்கள் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதிவையுங்கள். விலா விளிம்புக்கும் இடுப்பெலும்புக்கும் உள்ள தூரத்தையும் (மேற்சொன்னவருக்கு 9 சென்டிமீட்டர்) குறித்துவைத்தால், அடுத்த முறை எலும்பைத் தேடும்போது அது பெரிதும் மாறிவந்தாலே, எங்கோ தவறான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள் என்பது உடனே தெரிந்துவிடும். இரண்டு மாதங்களின் சராசரிகளுக்கு இடையே ஒரு சென்டிமீட்டருக்குள் உள்ள வேறுபாட்டை உடலில் நேர்ந்த மாற்றமாகக் கொள்ளாதீர்கள். கை எவ்வளவு பழகியிருந்தாலும் அவ்வளவு பிசகு இருந்தே தீரும். ஒரே திசையில் அடுத்தடுத்து மூன்று மாதங்கள் நகர்ந்தால் அதை மாற்றமாக ஏற்கலாம்.